கிணற்றில் எண்ணெய் மிதக்கிறதாம்

போன வாரம் பக்கத்து வளவு அண்ணை கையோடு கூட்டிக்கொண்டுபோய்த் தன் கிணற்றைக் காட்டினார். தண்ணீர்மேல் மெல்லிய படலம், வெயில் பட்டதும் ஊதாவும் பச்சையுமாக மினுங்கியது. "தம்பி, சீனக்குடாவில எண்ணெய்க் குதம் கட்டின வெள்ளைக்காரன் விசரனே? கீழ எண்ணெய் இல்லாமலா கட்டினவன்?" என்று கேட்டார். அவருடைய மகன் அதற்குள் படம் எடுத்து முகநூலில் போட்டும் விட்டான்.

ஒரு பூவரசங் குச்சியை எடுத்துப் படலத்தைக் குத்தினேன். கண்ணாடி உடைவதுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்தது, திரும்ப ஒட்டவில்லை. எண்ணெய் என்றால் குச்சியை எடுத்த உடனே வளைந்து ஓடி ஒன்றுசேர்ந்துவிடும். இது தண்ணீரில் உள்ள இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்களின் வேலை. மண்ணெண்ணெய் மணம் ஒரு துளியும் இல்லை. அண்ணைக்கு முகம் வாடிவிட்டது.

குதங்களின் கதை வேறு. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பத்தான் பிரித்தானியர் அவற்றைக் கட்டினார்கள். எண்ணெய் கப்பலில் வந்தது. கோணேசர் மலைப்பாறையிலோ ஊரைச் சுற்றியுள்ள பாறைகளிலோ அதைத் தேடிப் பயனில்லை. அவை ஒரு காலத்தில் பூமிக்குள் 700 பாகை செல்சியசுக்கும் மேல் வெந்து உருமாறிய பாறைகள். அந்தச் சூட்டில் எண்ணெய் தாங்காது. கன்னியாவில் வெந்நீர் வருகிறதே என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். அடுப்பு எரிந்து என்ன, உலையில் அரிசி இல்லையே.

அந்த அரிசி எது? கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும். அவை செத்து, ஒட்சிசன் குறைந்த அடிச்சேற்றில் அழுகாமல் புதைந்தால் கெரோஜன் என்ற பொருளாகின்றன. மேலே படிவுகள் அடுக்கடுக்காகச் சேரச் சேர அந்தச் சேறு ஆழத்தில் இறங்கிச் சூடாகிறது. பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை ஏறும். ஏறத்தாழ 60 பாகையில் எண்ணெய் உண்டாகத் தொடங்கி 120 வரை நன்றாக நடக்கும். 150ஐத் தாண்டினால் பெரும்பாலும் வாயுதான்.

ஆனால் வெந்த இடத்திலேயே எண்ணெய் இருந்துவிடுவதில்லை. மன்னாருக்கு அப்பால் 2011இல் தோண்டிய டொராடோ கிணறு இதற்கு நல்ல உதாரணம். அங்கே கடலே ஏறத்தாழ 1,350 மீட்டர் ஆழம். வாயு கிடைத்த மணற்கல் கடல்மட்டத்திலிருந்து 3,040 மீட்டர் அளவில் இருந்தது. தண்ணீர் பாறையைச் சூடாக்காது, அதனால் அதைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சும் பாறை 1,700 மீட்டர் கூட வராது. அடிக்கடலின் குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 55 பாகை அளவுதான் வருகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயே சரியாக வேகாது, வாயு எங்கிருந்து வந்தது? பாக்டீரியாக்கள் ஆக்கும் வாயு குறைந்த ஆழத்திலும் உண்டாகும், ஆனால் அது அநேகமாக வெறும் மெதேன். டொராடோவில் கொஞ்சம் திரவமும் இருக்கலாம் என்றே அறிவித்தார்கள். ஆகவே இன்னும் ஆழத்தில் வெந்து மேலே ஏறி வந்தது என்பதுதான் எனக்குப் பொருந்துகிறது.

எப்படி ஏறியது? ஆழத்துப் பாறைகளின் நுண்துளைகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பியவை. எண்ணெயும் வாயுவும் தண்ணீரைவிட இலேசு. தாம் உண்டான தாய்ப்பாறையிலிருந்து அழுத்தத்தால் பிதுங்கி, மணற்கல்லின் துளை வழியே மிக மெதுவாக மேலே நகரும். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் கடலடியில் கசிந்து போய்விடும். தடுப்பது மூடுபாறையாக மேலே கிடக்கும் களிப்பாறை. அதுவும் துளை உள்ள பாறைதான், ஆனால் துளைகள் அவ்வளவு சிறியவை. அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் எண்ணெய்க்கு வழி விடாது.

வீட்டில் செய்து பார்க்கலாம். தண்ணீர் நிறைந்த வாளிக்குள் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடியில் ஒரு குழாயால் தேங்காயெண்ணெயை விடுங்கள். துளிகள் ஏறி உட்குழியில் சேரும். சிரட்டையைச் சற்றே சரித்தால் உயர்ந்த ஓரத்தால் மிஞ்சியது வழிந்து மேலே போய்விடும். எண்ணெயைப் பிடித்துவைக்கும் நிலத்தடிப் பொறியும் இப்படித்தான்: உயர்ந்த விளிம்பு உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுதான் கொள்ளும். கண் வழியே துளை விழுந்தால் எல்லாம் போச்சு, பிளவுகள் மூடுபாறையைக் கிழித்தாலும் அதே கதி. எண்ணெய் வந்து போன பிறகு சிரட்டையைக் கவிழ்த்தும் பயனில்லை. ஆழத்தில் நல்ல வடிவம் தெரிந்தும் தோண்டினால் வெறும் தண்ணீர் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் காரணங்களால்தான். 2011இலேயே டொராடோ வடக்கில் தோண்டிய கிணறும் வெறுங்கிணறாகத்தான் முடிந்தது.

"நிலத்தடி எண்ணெய்க் குளம்" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். குளம் கிடையாது, ஈர மணலில் தண்ணீர் இருப்பதுபோலக் கல்லின் துளைக்குள்தான் இருக்கிறது.

அண்ணை கடைசியாகக் கேட்டார்: "அப்ப இந்த இரும்புத் தண்ணிய என்ன செய்யிறது?" மணலும் கரியும் போட்ட வடிகட்டி ஒன்று கட்டச் சொன்னேன். மகனின் படத்துக்கு இதுவரை நானூறு லைக்.