காத்திருப்பைக் காணவில்லை

ஆய்வகப் பொருட்களை அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியை இயக்குவதற்கான செயல்முறைத் தாளின் தமிழ்ப் படி ‘செம்மைப்படுத்தப்பட்டு’ வெளிவந்ததையும், அதற்குக் குவிந்த பாராட்டுகளையும் பார்த்திருப்பீர்கள். நடை சரளமாக இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. சரளமாகப் படிக்கவா அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுகிறோம்?

நான் மொழிபெயர்த்து அனுப்பிய படியில் நான்கு தனி வரிகள் இருந்தன: சூடேற்றியை அணைக்கவும், அழுத்தமானி தானாகப் பூச்சியத்துக்கு இறங்கும்வரை எதையும் தொடாமல் காத்திருக்கவும், பிறகு வால்வைத் திறக்கவும், அதன் பின்னரே மூடியைத் திறக்கவும். இப்போது இருப்பது ஒரே வரி: ‘வெப்பத்தை அணைத்து, அழுத்தத்தை வெளியேற்றி, மூடியைத் திறந்து குடுவைகளை எடுக்கவும்.’ வினையெச்சங்களை இப்படிக் கோத்துவிட்டால் ஒரு செயலின் வால் அடுத்த செயலின் தலையாகிவிடுகிறது. இடையில் இருந்த காத்திருப்பைக் காணவில்லை. உள்ளே இருக்கும் திரவம் நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில், அழுத்தத்தின் பிடியில்தான் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் அது அந்தக் கணமே பொங்கும்; குடுவையின் மூடி இறுகியிருந்தால் குடுவையே வெடிக்கவும் கூடும்.

‘எச்சரிக்கையை நாங்கள் நீக்கவில்லையே, கடைசியில் சேர்த்திருக்கிறோமே’ என்கிறார்கள் செம்மைப்படுத்தியவர்கள். கடைசியிலா! முன்பு ஓர் ஆய்வகத்தில், புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவர் இத்தகைய தாளை இடக்கை விரலால் தொட்டுப் படித்தபடியே வலக்கையால் வால்வைப் பிடித்ததை நேரில் பார்த்தேன். அவருக்கான எச்சரிக்கை இன்னும் ஆறு வரிகளுக்குக் கீழே இருந்தது. அருகில் இருந்தவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்பவர் முழுவதையும் படித்துவிட்டுத் தொடங்குவதில்லை. ஆகவே எச்சரிக்கை, தான் காக்க வேண்டிய செயலுக்கு முந்தைய வரியில்தான் நிற்க வேண்டும்.

அளவுகளின் கதையும் இதுதான். ‘121 டிகிரி செல்சியஸை எட்டிய பின், குறைந்தது 15 நிமிடம்’ என்று எழுதியிருந்தேன். அது ‘121 டிகிரியில் சுமார் 15 நிமிடம்’ ஆகியிருக்கிறது. நேரத்தை எப்போது எண்ணத் தொடங்குவது என்பதும் போயிற்று, கீழெல்லையும் போயிற்று. சுவிட்சைப் போட்டதிலிருந்து எண்ணுபவருக்கு வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் உயிரோடு மிஞ்சலாம். குடுவையில் அடையாளத்துக்காக ஒட்டும் பட்டையோ சூடு பட்டதற்கே நிறம் மாறி, எல்லாம் முடிந்ததாக அவரை நம்ப வைத்துவிடும்.

‘இப்போதைய கருவிகளில் தானியங்கிப் பூட்டு உண்டு’ என்பவர்களுக்கு: பூட்டு மூடியைத்தான் காக்கும், வால்வைத் திருப்பும் கையைத் தடுக்காது. ‘ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும்’ என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. தெரிந்திருந்தால் என்னிடம் ஏன் கேட்டீர்கள்?

என் தமிழ் வறட்சியாக இருக்கிறதாம். இருக்கட்டும். அந்த நான்கு வரிகளும் ‘குறைந்தது’ என்ற சொல்லும் திரும்பும்வரை, மொழிபெயர்த்தவர் என்று என் பெயரை அந்தத் தாளில் போடாதீர்கள்.