கோடைக்காலக் கடிகார மாற்றம் விவசாயிகளுக்காகவா?

பரவும் செய்தி: "வெளிநாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது விவசாயிகள் கேட்டதால்தான். பகிருங்கள்."

இது தவறு. முதல் உலகப் போரின்போது, விளக்குக்குச் செலவாகும் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி இதை நாடு முழுவதும் கொண்டுவந்தது. அமெரிக்கா 1918 மார்ச்சில் சட்டம் இயற்றிப் பின்தொடர்ந்தது. அங்கே அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களே விவசாயிகள்தான்.

அவர்களுடைய காரணம் எளிமையானது. வைக்கோலுக்கான புல்லைப் பனி உலர்ந்த பிறகே கையாள முடியும், பனியோ சூரியனுக்குக் கட்டுப்பட்டது. கடிகாரம் முன்னே போனபோது, கூலியாட்கள் வழக்கமான நேரத்துக்கு வந்து ஈரம் காயும்வரை சும்மா காத்திருந்து, மாலையில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே கடிகாரப்படி வீடு திரும்பினார்கள். பசுவின் மடி பழைய நேரத்திலேயே நிறைந்தது. பாலை ஏற்றிச் செல்லும் ரயிலோ புதிய நேரத்தில் புறப்பட்டது. ரயிலும் சந்தையும் கூலியும் கடிகாரத்தோடு பிணைந்திருந்ததால், பண்ணை மட்டும் சூரியனைப் பின்பற்றி ஒதுங்கியிருக்க வழியில்லை. கோடை மாலை வெளிச்சத்தால் பயன் கண்டவர்கள் பெரும்பாலும் நகரவாசிகளும் கடைக்காரர்களுமே.

அந்த எதிர்ப்பின் வலுவால், அதிபர் வில்சனின் மறுப்பாணையையும் மீறி, 1919 ஆகஸ்ட்டில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. நாடாளுமன்றப் பதிவுகளிலும் அன்றைய செய்தித்தாள்களிலும் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.