யார் கைப்பட்ட ரொட்டி?

அமிர்தசரஸ் பொற்கோயில் சமையற்கூடத்தின் வீடியோ ஒன்று மாதம் தவறாமல் நம் பக்கங்களில் சுற்றி வருகிறது. பெரிய பெரிய அண்டாக்கள், பருப்பைக் கிளறும் துடுப்பு போன்ற கரண்டி, ரொட்டி மெஷின், கூடவே "தினமும் 50,000 பேருக்கு இலவசச் சாப்பாடு" என்ற வரி. எண்ணிக்கை உண்மைதான். விசேஷ நாட்களில் ஒரு லட்சத்தைத் தொடும் என்கிறார்கள். ஆனால் அதோடு நின்றுவிட்டால், லங்கர் என்ற இந்தச் சீக்கியச் சமையற்கூடம் பெரிய அளவில் நடக்கும் அன்னதானம் என்ற எண்ணம்தான் மனதில் தங்கும். பசியாற்றுவது மட்டும் நோக்கம் என்றால் வாசலில் பொட்டலம் கொடுத்து அனுப்பினாலே போதுமே. ஏன் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, தலையை மூடச்சொல்லி, ஒரே வரிசையில் தரையில் உட்காரவைக்க வேண்டும்?

அந்த வரிசைக்குப் பெயர் பங்கத். நீளமான பாய் விரிப்பில் முதுகோடு முதுகாக வரிசைகள் போகும். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, வந்த வரிசைப்படிதான். பருப்பும் காய்கறியும் பாயசமும் வாளியில் வரும், தட்டில் ஊற்றிக்கொண்டே போவார்கள். ரொட்டி மட்டும் தட்டில் விழாது. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால்தான் போடுவார்கள். அதை அவர்கள் பர்ஷாதா என்பார்கள், சன்னிதிப் பிரசாதத்துக்கு உள்ள மரியாதை அதற்கும் உண்டு. முதல்முறை போகிறவர் ஒரு கையை நீட்டினால் பரிமாறும் தொண்டரான சேவாதார் கோபப்படுவதில்லை, காத்திருப்பார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நீங்களே கற்றுக்கொள்வீர்கள். சாப்பிட்டு எழுந்தவர் தட்டு கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்று கழுவத் தொடங்கலாம். வெங்காயம் உரிக்கலாம், செருப்பு வைக்கும் இடத்தில் நிற்கலாம். பெயரோ ஊரோ யாரும் கேட்பதில்லை. மாவு பிசைந்த கை எந்தச் சாதிக் கை என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாதபடி அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது.

இது தற்செயல் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் சீக்கியர்களின் மூன்றாம் குருவான அமர்தாஸ், பஞ்சாபின் கோயிந்த்வாலில் தன்னைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அப்புறம்தான் சந்திப்பு என்று வைத்திருந்தார். பேரரசர் அக்பரும் அப்படித்தான் உட்கார்ந்தார் என்பது சீக்கிய மரபு. இன்னாரோடு உட்கார்ந்து உண்டால் தீட்டு, இன்னார் சமைத்ததைத் தொட்டால் தீட்டு என்று கணக்குப் பார்த்த சமூகத்தில், சாதியை விட்டுவிடு என்று உபதேசம் செய்வது எளிது. சாதியை விடாமல் உள்ளேயே வர முடியாது என்று வாசலில் ஒரு பந்தியைப் போடுவது வேறு காரியம்.

அந்த விதியை அதே சமூகம் மறந்த கதையும் உண்டு. 1920 அக்டோபர் 12. ஒன்றரை வருடம் முன்புதான் படுகொலை நடந்த ஜாலியன்வாலா பாக்கில் கால்சா பிராதரி என்ற அமைப்பு கூடியது. ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்தவர்கள் அமிர்தம் பெற்று சீக்கியரானார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்த்துக் கிண்டிய கடாஹ் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு பொற்கோயிலுக்குப் போனார்கள். அங்கிருந்த பூசாரிகள் வாங்க மறுத்துவிட்டார்கள். பந்திக்கு விதி வகுத்த குருவின் மரபில், இவர்கள் கைப்பட்ட இனிப்பு ஆகாது என்றார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு, புனித நூலான குரு கிரந்த சாகிபையே கேட்போம், திறந்த பக்கத்தில் என்ன வருகிறதோ அதுதான் முடிவு என்று ஒத்துக்கொண்டார்கள். வந்த பாடல் குரு அமர்தாஸ் எழுதியது. தகுதியற்றவரையும் இறைவனே மன்னித்து, உண்மைக் குருவின் சேவையில் சேர்த்துக்கொள்கிறான் என்பது அதன் பொருள். பூசாரிகள் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து கூட்டம் எதிரிலிருந்த, சீக்கியர்களின் உயர்ந்த பீடமான அகால் தக்துக்கு நகர்ந்தபோது அங்கிருந்த பூசாரிகள் இடத்தைவிட்டே போய்விட்டார்கள். அந்த வெற்றிடத்தைப் பொதுமக்கள் நிரப்பியதிலிருந்துதான், அடுத்த மாதமே, இன்று சீக்கியக் கோயில்களான குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பிறந்தது. யார் கையால் வாங்கிச் சாப்பிடுவது என்ற சண்டையில் பிறந்த அமைப்பு அது.

நான்கு வருடம் கழித்து, 1924இல், குருத்வாராக்களைச் சீர்திருத்தப் போராடிய சீக்கியர்களான அகாலிகள் பஞ்சாபிலிருந்து கேரளத்துக்கு வந்து வைக்கத்தில் ஒரு லங்கர் திறந்தார்கள். பெரியார் ஈரோட்டிலிருந்து போய்ச் சிறைசென்ற அதே வைக்கம் போராட்டம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கக்கூட உரிமையில்லாதவர்களோடு தொண்டர்கள் நின்றார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது இந்தச் சமையற்கூடம். நம் ஊரில் வைக்கத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், இந்த அடுப்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

காந்தி அதை விரும்பவில்லை. இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம், வெளியார் போடும் இலவச உணவில் போராடுவது தொண்டர்களின் தன்மானத்துக்கு அழகில்லை என்பது அவர் வாதம். சில வாரங்களில் லங்கர் மூடப்பட்டது. ஜூலையில் கேரளத்தையே மூழ்கடித்த பெருவெள்ளம் வந்தது, தொண்டர்கள் தண்ணீருக்குள் நின்று போராட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

காந்தி சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம், உள்ளூர் ஆதரவு பெருக வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆனாலும் அவர் லங்கரைப் பிச்சையாகப் பார்த்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. சாப்பிட்டவர் எழுந்து அடுத்த பந்திக்குப் பரிமாறுவார், பரிமாறியவர் உட்கார்ந்து சாப்பிடுவார். தெருவில் சேர்ந்து நடக்கக் கேட்டுப் போராடுகிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் பந்தியைவிட, அந்தப் போராட்டத்துக்குப் பொருத்தமான சமையற்கூடம் எது? அடுத்த சில மாதங்களில், காங்கிரஸ் பணம் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரே சண்டை போட வேண்டி வந்தது. சோற்றுப் பந்திதான் சாதியின் கடைசிக் கோட்டை என்பது இங்கேயும் தெரிந்த விஷயம்.

சரி, பஞ்சாபில் சாதி ஒழிந்துவிட்டதா? இல்லை. பல கிராமங்களில் தலித்துகளுக்கென்று தனிக் குருத்வாராக்கள் இருக்கின்றன. 2003இல் ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கேயுள்ள வழிபாட்டுத் தலத்துக்குக் காணிக்கை ஏராளமாக வரும். ஊரில் பெரும்பான்மையாக இருந்த தலித்துகள் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டார்கள். நிலம் வைத்திருந்த ஜாட் சாதிக் குடும்பங்கள் மறுத்து, தலித்துகளைச் சமூகப் புறக்கணிப்பு செய்தார்கள். அது கலவரம்வரை போனது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆட்சேபணை இல்லாதவர்களுக்கும், உண்டியல் சாவியைப் பங்கிடும்போது சாதி ஞாபகம் வருகிறது.

இதனால் லங்கர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தல்ஹன் தலித்துகள் எதைக் காட்டி உரிமை கேட்டார்களோ அது அந்த மரபு கொடுத்த வாதம்தான்: இங்கே எல்லாரும் ஒரே வரிசை என்றால் குழுவிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? 1920இல் பிரசாதத்தோடு போனவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். மாதக்கணக்கில் நீண்ட சண்டைக்குப் பிறகு தல்ஹனில் தலித்துகளுக்கு நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்தது.