எழுத்தர் பேசிய அந்த ஒரு வாக்கியம்

“இருபது வருடம் வாய் திறக்காத மனிதர் ஒரே நாளில் எப்படிப் பேசுவார்? நம்பும்படி இல்லையே” என்று இந்தக் கதையில் வரும் எழுத்தரைப் பற்றி மேலே ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

கதை நடக்கும் காலத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, திருவண்ணாமலைக்குப் போக வேண்டிய கோப்புகளை வேலூர் அலுவலகத்தில் பிரித்துக் கட்டுகிறார்கள். ஒரு நிலக் கோப்பு காணவில்லை என்றதும் கண்காணிப்பாளர் அத்தனை பேர் முன்னிலையில் எழுத்தரைத் திட்டி, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணை வரும் என்று மிரட்டுகிறார். எழுத்தர் குரலை உயர்த்தவில்லை. தன்பதிவேட்டைப் பிரித்து, அந்தக் கோப்பு எந்தத் தேதியில் குறிப்புடன் கண்காணிப்பாளருக்கு வைக்கப்பட்டது என்பதை வாசித்துவிட்டு, “திரும்பி வந்ததற்குப் பதிவு இல்லைங்க ஐயா” என்கிறார். நாள்தோறும் ஒவ்வொரு தாளின் போக்குவரத்தையும் எழுதிவந்த கைக்கு அந்த வாக்கியம் புதிதல்ல, அதை உரக்கச் சொன்னது மட்டுமே புதிது. “ஐயா” என்ற மரியாதையைக் கடைசி வரை விடாததுதான் அந்த மனிதரை எனக்கு உண்மையானவராகக் காட்டியது.

ஒரு குறை உண்டு. குறிப்பாணை தரும் அதிகாரம் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய அலுவலருக்கே உண்டு. பிரிவுக் கண்காணிப்பாளரால் அவருக்கு எழுதி அனுப்பத்தான் முடியும். வெற்று மிரட்டல் அது என்பதை எழுத்தர் அறிந்திருந்தும் இத்தனை காலம் ஏன் அஞ்சினார் என்பதை ஆசிரியர் இன்னும் இரண்டு பத்திகளாவது எழுதியிருக்கலாம். பிரிவே எழுந்து கைதட்டும் முடிவு தேவையே இல்லை.