அப்துல் என்று ஒரு பெயர் கிடையாது

"அப்துல் சார் இருக்காரா?" என்று கேட்பவர் அரபியில் என்ன கேட்கிறார் தெரியுமா? "இன்னாருடைய அடியார்" என்பதில் இன்னார் யாரென்று சொல்லாமல், "உடைய அடியார் இருக்காரா?" என்று கேட்கிறார். யாருடைய அடியார் என்பது அடுத்த சொல்லில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பெயரல்ல, பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியத் துண்டு.

பிரித்துப் பார்த்தால் எளிது. "அப்த்" என்றால் அடியான், அடிமை. "அல்" என்பது குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டும் முன்னொட்டு. நடுவில் வரும் "உ" வெறும் வேற்றுமை ஒலி. அந்தச் சொல் எழுவாயாக நின்றால் அப்து, செயப்படுபொருளாக நின்றால் அப்த, "க்கு", "இல்" போன்ற இடைச்சொற்களுக்குப் பின்னால் வந்தால் அப்தி. அப்து + அல் சேரும்போது "அல்"லின் அகரம் விழுந்து "அப்துல்" ஆகிறது. ஆக, நாம் பெயர் என்று நினைத்து அழைக்கும் "அப்துல்"லில் ஒரு முழுச் சொல், ஒரு உருபு, அடுத்த சொல்லுக்குச் சொந்தமான ஒரு முன்னொட்டு, மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழில் தேவதாசன், யேசுதாசன் என்ற பெயர்களில் வரும் தாசனை வைத்து யோசித்தால் பிடிபடும். ஒரே வித்தியாசம், நமக்கு தாசன் கடைசியில் வருகிறது, அரபியில் முதலில் வருகிறது. விவிலியத்தில் வரும் ஒபதியாவும் இதே வேர்தான். எபிரேயத்தில் அதற்கு யாவேயின் அடியான் என்று பொருள்.

முதல் பாதியைத் தனியாகக் கூப்பிடுவது அர்த்தமில்லாமல் போகிறது, அவ்வளவுதான். இரண்டாம் பாதியைத் தனியாகக் கூப்பிடுவதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அப்துல் ஜப்பாரை எடுத்துக்கொள்வோம். இறைவனின் பண்பாகச் சொல்லும்போது ஜப்பார் என்றால் தன் நாட்டத்தை நிறைவேற்றும் வல்லமை கொண்டவன். உடைந்ததைச் சீராக்குபவன் என்றும் உரை சொல்வார்கள். அந்த இரண்டாவது பொருள் அழகானது. ஜ‑ப‑ர என்ற வேரில் எலும்பு முறிவைக் கூட்டுவதும் இருக்கிறது. முறிந்த கையில் வைத்துக் கட்டும் சிம்புக்கு ஜபீரா என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் தலைப்பில் உள்ள "அல்ஜப்ர்" என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா வந்தது. ஆனால் அதே சொல்லை மனிதனுக்குச் சொன்னால் கொடுங்கோலன் என்று அர்த்தம். குர்ஆனே பிடிவாதக்கார அக்கிரமக்காரனைக் குறிக்க ஜப்பார் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது (14:15). அப்துல் ஜப்பார் என்ற மனிதரைப் பாசமாக "ஜப்பார் பாய்" என்று கூப்பிடும்போது, அரபி தெரிந்தவர் காதில் அது என்னவாக விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாப் பெயரும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரீம், ரஹீம், அஸீஸ், ரஷீத் போன்றவற்றை மனிதருக்கும் சொல்லலாம். நபியவர்களையே ரஊஃப், ரஹீம் என்று குர்ஆன் சொல்கிறது (9:128). யூசுப் அத்தியாயத்தில் எகிப்தின் அதிகாரிக்கு அஸீஸ் என்றுதான் பட்டம். ஆனால் ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக், சமது, குத்தூஸ் ஆகியவை இறைவனுக்கு மட்டுமே உரியவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. அப்துல் கரீமை கரீம் என்று கூப்பிடுவதையும் அப்துல் காலிக்கை காலிக் என்று கூப்பிடுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பின்னதில் ஒரு மனிதரைப் பார்த்து "படைத்தவனே" என்கிறோம்.

அப்படியானால் அரபிகள் செல்லமாக எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அப்து, அப்பூத், அப்பூதி என்று முதல் பாதியைத்தான் சுருக்குகிறார்கள். அப்துல் என்று இல்லை, கவனியுங்கள். முன்னொட்டைக் கழற்றிவிட்டுத்தான் சுருக்குகிறார்கள்.

அடுத்தது "அப்துல் ரஹ்மானா, அப்துர் ரஹ்மானா" என்ற முடியாத சண்டை. இரண்டும் ஒன்றுதான். அரபியில் எழுதும்போது லாம் என்ற "ல்" எழுத்து இருக்கும், வாசிக்கும்போது அது அடுத்த எழுத்தில் கரைந்துவிடும். எப்போது கரையும் என்பதை நாக்கே சொல்லிவிடும். "ல்" சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. அடுத்து வரும் எழுத்தும் அந்த நுனியிலேயே பிறந்தால் "ல்" அதற்குள் போய்விடும். அதனால் அப்துர் ரஸ்ஸாக், அப்துஸ் ஸலாம், அப்துஸ் ஸமது, அப்துந் நாசிர், அப்துஷ் ஷகூர். உதட்டிலோ தொண்டையிலோ அடிநாக்கிலோ பிறந்தால் "ல்" அப்படியே நிற்கும்: அப்துல் மஜீத், அப்துல் ஹமீது, அப்துல் காதர். நாக்கு சொல்வதை மீறுவது ஜீம் ஒன்றுதான். அதற்கு முன்னால் "ல்" கரையாது, அதனால்தான் அது அப்துல் ஜப்பார். கவிக்கோ தன் பெயரை அப்துல் ரகுமான் என்று எழுதினார். அது பிழையில்லை, எழுத்தைப் பார்த்து எழுதியது. அப்துர் என்பது காதால் கேட்டு எழுதியது. எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் பிறப்புச் சான்றில் ஒன்றும் பள்ளிச் சான்றில் வேறொன்றுமாக எழுதிவிடாதீர்கள்.

தமிழ் எழுத்தால் வருகிற குழப்பம் இதைவிடப் பெரியது. அதற்கு "கபூர்" ஒன்றே போதும். அப்துல் கபூரின் மூலச் சொல் தொண்டையிலிருந்து உருட்டி வரும் கைன் என்ற எழுத்தில் தொடங்குகிறது. பொருள், மிகவும் மன்னிப்பவன். தமிழில் அந்த எழுத்து இல்லை, "க" போட்டோம், தவறில்லை. சிக்கல் எப்போது வருகிறதென்றால், ஒருவர் தமிழ்ச் சான்றிதழைப் பார்த்து ஆங்கிலத்தில் KAFOOR என்று எழுதி, அதைப் பார்த்து வளைகுடாவில் இன்னொருவர் அரபியில் காஃப் எழுத்தைப் போடும்போதுதான். காஃப் போட்ட கஃபூருக்கு நன்றி கெட்டவன் என்று பொருள். முதல் எழுத்தை நீட்டி காஃபூர் என்றால் கற்பூரம். மன்னிப்பவனின் அடியார் மூன்று கை மாறி நன்றி கெட்டவனின் அடியாராகிவிட்டார்.

காலிக் இன்னும் மோசம். படைப்பவன் என்ற பொருள் தரும் சொல், காறுவது போல உரசி வரும் "கா"வில் தொடங்கி, அடித்தொண்டைக் காஃபில் முடிகிறது. நம்மில் சிலர் அதை ஹாலிக் என்று எழுதுகிறார்கள். அழுத்தமான ஹா போட்டு அரபியில் எழுதினால் அது சிரைப்பவன். சாதாரண ஹா போட்டு, கடைசியில் சாதாரண காஃபையும் வைத்தால் அழிந்துபோகிறவன். ஒலியில் மயிரிழை வித்தியாசம்தான். பொருளோ படைப்பவனுக்கும் அழிபவனுக்கும் உள்ள தூரம்.

மாலிக் விஷயத்தில் இவ்வளவு ஆபத்தில்லை. குறிலாக மலிக் என்றால் அரசன், நெடிலாக மாலிக் என்றால் உரிமையாளன். இரண்டும் இறைவனுக்குப் பொருந்தும். ஜெருசலேமில் பாறைக் குவிமாடத்தைக் கட்டிய உமையா கலீபா குறில்காரர், அப்துல் மலிக்.

"அபுல்" கதையே வேறு. அபூ என்றால் தந்தை. அபுல் கலாம் ஆசாத்தில் வரும் அபுல் கலாம், பேச்சின் தந்தை, அதாவது நாவன்மை மிக்கவர். அப்துல் கலாமில் வருவது அப்த். நடுவில் ஒரு "த்" இருக்கிறதா இல்லையா என்பதில் தந்தை அடியாராகிறார். கலாம் என்பது 99 திருநாமங்களில் ஒன்றல்ல, பேச்சு என்று பொருள்படும் சொல். அங்கே இறைவனின் பேச்சு என்ற பண்பை வைத்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இதில் ஒரு சுவாரசியம்: நம் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் முழுப் பெயரில் அப்த் என்ற வேர் இரண்டு முறை வருகிறது. அவர் தந்தை பெயர் ஜைனுலாப்தீன். ஜைனுல் ஆபிதீன், வணங்குபவர்களின் அணிகலன். அப்த், ஆபித், இபாதத் எல்லாம் ஒரே வேர்.

"அப்துல்"லுக்குப் பின்னால் எதையும் வைக்கலாமா என்றால், கூடாது. இஸ்லாத்துக்கு முந்தைய மக்காவில் அப்து ஷம்ஸ் (சூரியனின் அடியான்), அப்துல் உஸ்ஸா (உஸ்ஸா என்ற தெய்வத்தின் அடியான்) என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. நபியவர்களைக் கடுமையாக எதிர்த்த அபூலஹபின் இயற்பெயரே அப்துல் உஸ்ஸாதான். இறைவன் அல்லாத ஒன்றுக்கு அடியான் என்று பெயர் வைப்பது பிறகு தடுக்கப்பட்டது. அப்போது அப்துல் முத்தலிப் எப்படி என்று கேட்பார்கள். நபியவர்களின் பாட்டனாருக்கு இயற்பெயர் ஷைபா. இன்றைய மதீனாவான யத்ரிபில் தாய்வீட்டில் வளர்ந்த சிறுவனை, தந்தையின் சகோதரர் முத்தலிப் ஒட்டகத்தில் பின்னால் உட்காரவைத்து மக்காவுக்குக் கூட்டிவந்தார். பார்த்தவர்கள் முத்தலிப் வாங்கிவந்த அடிமை என்று நினைத்துக் கூப்பிட்ட பெயர் நிலைத்துவிட்டது. அது வைத்த பெயரல்ல, ஊர் ஒட்டிய பெயர். நம் பக்கம் காணப்படும் அப்துந் நபி என்ற பெயரில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சந்தேகமே இல்லாமல் வைக்க விரும்புகிறவருக்கு அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் இருக்கின்றன. அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பின் ஹதீஸ் இந்த இரண்டையும்தான் சொல்கிறது. பெண் குழந்தைக்கு அப்த் பொருந்தாது, அமத் என்பதே பெண்பால்: அமத்துல்லாஹ், அமத்துர் ரஹ்மான்.

இனி படிவத்துக்கு வருவோம். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். நம்மவர்கள் முதல் கட்டத்தில் ABDUL, இரண்டாவதில் RAHMAN என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவர் மிஸ்டர் ரஹ்மான், பிள்ளைகளுக்கும் குடும்பப்பெயர் ரஹ்மான். எகிப்தின் ஜமால் அப்துந் நாசிருக்கு உலகப் பத்திரிகைகள் செய்ததும் இதுதான். அப்துந் நாசிர் என்பது அவர் தந்தையின் பெயர். அதிலும் பாதியை வெட்டி "நாசர்" ஆக்கிவிட்டார்கள்.

ஏழாம் நாள் பெயர் சூட்டும்போதே ஆலிம்சாவிடம் பெயரை அரபியில், குறில் நெடில் குறிகளோடு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துகளை அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்: கைனுக்கு GH, உரசும் கா‑வுக்கு KH, அடித்தொண்டைக் காஃபுக்கு Q. அதன்படி ABDUL GHAFOOR, ABDUL KHALIQ. பெயர்க் கட்டத்தில் இரண்டு சொல்லையும் சேர்த்தே போடுங்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயர் வரட்டும். தந்தை அப்துல் கரீம் என்றால் அங்கேயும் முழுதாக ABDUL KAREEM. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதும் இப்போது வம்புதான். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது விழுந்தடித்துக்கொண்டு பெயரைப் பிளந்தவர்கள் நிறையப் பேர். புதிதாகப் பிறந்த குழந்தை என்றால் ABDURRAHMAN அல்லது ABDULRAHMAN என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகப் பதிந்துவிடுவது நல்லது. அப்போது எந்தக் கணினிக்கும் வெட்ட இடம் இருக்காது.