காட்பாடி டவுன் பஸ்ஸும் சன்ஸ்கிரீன் ஸ்டிக்கும்

வேலூரில் காட்பாடியில் ஏறி பாகாயத்தில் இறங்குகிற எல்லாருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். காலையில் பஸ் தெற்கே போகும், வெயில் கிழக்கே இருந்து வரும், இடது பக்கம் காயும். சாயந்திரம் பஸ் வடக்கே திரும்பும், வெயில் மேற்கே இறங்கியிருக்கும், அப்பவும் இடது பக்கம்தான் காயும். லேடீஸ் சீட் எந்தப் பக்கம்? இடது பக்கம். இலவச பஸ் என்று கூட்டம் வழிகிற நேரத்தில் சீட்டு கிடைத்ததே பெரிய விஷயம், பக்கம் பார்த்தா உட்கார முடியும்? என் இடது கன்னமும் இடது முழங்கையும் வலதை விட ஒரு ஷேடு கறுத்திருப்பதை ஆபீஸில் எல்லாரும் சொல்லியாச்சு.

அதனால்தான் இந்த ஸ்டிக். வெயில் தடுப்பு அளவு எஸ்.பி.எஃப் 50, பி.ஏ நாலு பிளஸ், எடை 20 கிராம், விலை ஐநூறுக்குக் கொஞ்சம் கீழே. பிராண்டு பெயர் போடவில்லை. நான் சொல்லப் போவது அனேகமாக எல்லா ஸ்டிக்குக்கும் பொருந்தும். கத்திரிக்கு முன்னாடி ஆரம்பித்து, அது முடிகிற வரைக்கும் தினமும் போட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கண் எரியவில்லை. இதற்கு முன்னாடி போட்ட கிரீம் விருதம்பட்டு தாண்டுவதற்குள் வேர்வையோடு சேர்ந்து கண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் டிபன் பை, கண்ணைத் துடைக்கக் கையே கிடையாது. ஸ்டிக்கில் தண்ணீரே இல்லை, மெழுகும் எண்ணெயும்தான். அதனால் பூசிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறது, வழிந்து வருவதில்லை. வெள்ளை பூத்ததும் இல்லை. என் நிறத்துக்கு வெள்ளை பூக்கிற கிரீம் போட்டால் விபூதி பூசிய மாதிரி இருக்கும், இதில் ஒன்றுமே தெரியாது.

அந்த ‘ஒன்றுமே தெரியாது’ என்பதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கே பட்டது, எங்கே விட்டது என்று கண்ணாடியில் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தால் முகம் வழவழவென்று ஆகிவிடுகிறது, பூசிட்டோம் என்று மனசும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அட்டையில் போட்டிருக்கிற 50 என்ற எண்ணை, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசி வைத்துத்தான் அளக்கிறார்கள். முகம், காது, கழுத்து எல்லாம் சேர்த்தால் அது 1 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அளவு குறைந்தால் அந்த 50-உம் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இறங்கும்.

சித்தப்பா வேலை செய்கிற நகைக்கடையில் தராசு இருக்கிறதே, மில்லிகிராம் வரைக்கும் காட்டுகிறது, அதில் வைத்துப் பார்த்தேன். பூசுவதற்கு முன்னாடி ஒரு எடை, பூசிய பிறகு ஒரு எடை. வழக்கமாகப் பூசுகிற மாதிரி இரண்டு இழுப்பு இழுத்ததில் கரைந்தது கால் கிராம் கூட இல்லை. அதாவது வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. அட்டையில் 50 என்று இருந்தாலும் என் கன்னத்தில் இருந்தது பத்தோ என்னவோ. “இன்னாம்மா, தங்கம் மாதிரி எடை போடற” என்று சித்தப்பா சிரித்தார். விலையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

ஒவ்வொரு இடத்திலும் மேலும் கீழுமாக நாலு தடவை அழுத்தி இழுத்து, பிறகு விரலால் பரப்பினால் முக்கால் கிராம் வரைக்கும் வருகிறது. நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை, காது மடல், பின்கழுத்து என்று இடம் இடமாகப் பிரித்துக்கொண்டு பூசினால்தான் அதுவும். இப்போது கணக்குப் போடுங்கள். முழு அளவு பூசினால் 20 கிராம் ஸ்டிக் பதினெட்டு தடவைக்கு வரும். காலையும் சாயந்திரமும் என்றால் ஒன்பது நாள். ஒரு தடவை முகத்துக்குப் பூச இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதே விலைக்கு 50 கிராம் கிரீம் டியூப் கிடைக்கிறது. ‘எனக்கு ஒரு ஸ்டிக் மூணு மாசம் வந்துச்சு’ என்று யாராவது ரிவ்யூ எழுதியிருந்தால் அவர் எவ்வளவு பூசியிருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் இப்போது காலையில் வீட்டில் ஃபேன் அடியில் உட்கார்ந்து கிரீம்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்து முகம், கழுத்துக்குப் போட்டு, கண்ணைச் சுற்றியும் புருவத்துக்கு மேலேயும் மட்டும் கிரீமுக்குப் பதில் ஸ்டிக். எரிச்சல் நின்றுவிட்டது. சாயந்திரம் நாலு மணிக்குக் கிளம்பும்போது கிரீம் எடுத்துப் பிசைய நேரமும் கிடையாது, கை கழுவ இடமும் கிடையாது, அங்கேதான் ஸ்டிக் அதன் காசுக்கு உழைக்கிறது. எனக்கு இடது பக்கம்தான் பிரச்சினை என்பதால் இடது கன்னம், காது, கழுத்து, முழங்கை இவற்றுக்குத் தாராளமாக, மற்றதுக்கு அளவாக. ஒரு ஸ்டிக் ஒரு மாசத்தை எட்டுகிறது.

வேர்த்த முகத்தில் நேராக இழுக்காதீர்கள். ஈரத்தில் மெழுகு ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போய்த் திட்டுத் திட்டாக நிற்கும். காட்டன் கர்ச்சீப்பால் ஒற்றி எடுத்து, கொஞ்சம் காயவிட்டு, அப்புறம். தேய்த்துத் துடைத்தால் காலையில் போட்ட மிச்சமும் கர்ச்சீப்புக்குப் போய்விடும். ஒருநாள் கிரீன் சர்க்கிளில் பஸ் நின்ற கேப்பில் பூசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பொண்ணு, “இன்னாக்கா, லிப்ஸ்டிக்க கன்னத்துல பூசறீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் டிரைவர் எடுத்த எடுப்பில் ஸ்டிக் மூக்கு ஓட்டைக்குள் போய்விட்டது. நிற்கிற பஸ்ஸில் கூட வேண்டாம், ஆபீஸ் படியிலேயே முடித்துவிடுங்கள்.

தூசி வேறு. பாலாற்றுப் பாலத்து மேல் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் கன்னத்தில் மண் ஒட்டும், மறுபடி பூசும்போது அந்த மண் ஸ்டிக் நுனியில் கறுப்பாக வந்து நிற்கும். டிஷ்யூவால் மேல் பூச்சைத் துடைத்துவிட்டுத்தான் மூடியைப் போட வேண்டும். ஸ்டிக்கர் பொட்டும் நிற்காது, பொட்டு வைக்கிற இடத்தை விட்டுவிட்டுப் பூசுங்கள்.

நாற்பது டிகிரிக்கு மேல் போன நாட்களில் ஹேண்ட்பேகிலேயே இளகிவிட்டது. திருகினால் ஒரு பக்கம் சாய்ந்து வந்தது, மேலே எண்ணெய் முத்து முத்தாகப் பூத்திருந்தது. சாயவிடாமல் நிமிர்த்தி, நிழலான இடத்தில் ஒரு ராத்திரி வைத்தால் இறுகிவிடும். ஸ்கூட்டி டிக்கியில் மட்டும் போடவே போடாதீர்கள், அங்கே கூழாகிவிடும்.

எனக்கு இன்னும் கோபம் தீராத ஒரு விஷயம் சட்டை காலர். வெள்ளைச் சுடிதாரின் கழுத்தோரம் துவைக்கத் துவைக்க ஆரஞ்சு நிறத்தில் துரு பிடித்த மாதிரி ஆகிறது. பொருட்கள் பட்டியலில் அவோபென்சோன் என்கிற வெயில் தடுப்பு ரசாயனம் இருந்தால், அது போர் தண்ணீரில் இருக்கிற இரும்போடு சேர்ந்து இப்படிக் கறை வைக்கும். எங்கள் தெருவுக்கு போர் தண்ணீர்தான். பிளீச் ஊற்றினால் கறை இன்னும் சிவக்கும். எலுமிச்சம் சாறும் உப்பும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசியதில் பாதி போனது. வெள்ளை யூனிபார்ம் போடுகிறவர்கள் வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.