பிரேக்கிங் பேட்: 8 எபிசோடா, 16 எபிசோடா?

அமெரிக்க டிவி தொடரான பிரேக்கிங் பேட் பற்றி இப்படி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "பிரேக்கிங் பேட் 5-ஆவது சீசன்ல 8 எபிசோடுதான். 16-னு போட்டிருக்கிறது தப்பு. 6-ஆவது சீசனை நெட்ஃப்ளிக்ஸ்ல மறைச்சுட்டாங்க. எல்லாருக்கும் அனுப்புங்க!"

மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஏஎம்சி சேனல் ஐந்தாவது சீசனை இரண்டாகப் பிரித்து, 2012 ஜூலை முதல் செப்டம்பர் வரை 8 எபிசோடும், 2013 ஆகஸ்ட் முதல் செப்டம்பர் வரை மீதி 8 எபிசோடும் ஒளிபரப்பியது. நடுவில் ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி.

குழப்பத்துக்கு விதை போட்டது டிஸ்க் விற்பனைதான். முதல் பாதி 'ஐந்தாவது சீசன்' என்றும், இரண்டாம் பாதி 'இறுதி சீசன்' என்றும் தனித்தனிப் பெட்டிகளாக வந்தன. பெட்டியை எண்ணியவருக்கு ஆறு சீசன். தயாரிப்பு எண்ணிக்கையில் ஐந்துதான்.

கூட்டிப் பாருங்கள்: 7, 13, 13, 13, 16. மொத்தம் 62. எப்படிப் பிரித்தாலும் இது மாறாது. நெட்ஃப்ளிக்ஸில் ஐந்தாவது சீசனைத் திறந்தால் 'ப்ளட் மணி' ஒன்பதாவதாக நிற்கும். மறைத்ததாகச் சொல்லும் 'ஆறாவது சீசன்' அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே எபிசோடுக்கு S06E01 என்று பெயர் வைத்த கோப்புக்கு சப்டைட்டில் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் சப்டைட்டில் தளங்களில் அது S05E09 என்றே பதிவாகியிருக்கும்.

இந்த ஃபார்வர்டு உங்களுக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.